அந்திவானமும் கூறைச் சிவப்பும் கெடாமல்: கம்போசிட் படங்களை மெதுவான டேட்டாவுக்குச் சுருக்கும் முறை

ஒரு கல்யாணக் கம்போசிட்டை எடுத்துக்கொள்வோம். மாப்பிள்ளையும் பொம்பிளையும் ஸ்ரூடியோ வெளிச்சத்தில் எடுக்கப்பட்டவர்கள். அவர்களை வெட்டியெடுத்து, வேறொரு நாள் பண்ணைக் கடலோரத்தில் எடுத்த அந்திவானத்தின் முன் நிறுத்தியிருக்கிறார்கள். ஓரத்தில் கறுப்பாக இரண்டு பனை. மேலே சிவப்பு எழுத்தில் இருவரின் பெயர். பொம்பிளை உடுத்தியிருப்பது சிவப்புக் கூறை, கரையில் சரிகை. கோப்பு 6000×4000 பிக்சல்.

இதே மாதிரிப் பன்னிரண்டு படங்களை ஓர் இணையத்தளப் பக்கத்தில் போட வேண்டும். 3000 பிக்சல் அகலத்தில், படத்துக்கு 2 மெகாபைட் வீதம் ஏற்றினால் பக்கம் 24 மெகாபைட் ஆகிவிடும். டேட்டா வேகத்தை மெகாபிட்டில் சொல்வார்கள், கோப்பின் அளவை மெகாபைட்டில் சொல்வார்கள். ஒரு பைட்டுக்கு 8 பிட். ஆகவே விநாடிக்கு 1 மெகாபிட் கிடைக்கும் இடத்தில் வந்து சேருவது விநாடிக்கு 125 கிலோபைட் மட்டுமே. 24 மெகாபைட் இறங்க மூன்று நிமிடத்துக்கு மேல் வேண்டும். குறிகாட்டுவான் இறங்குதுறையில் நெடுந்தீவுப் படகுக்குக் காத்திருப்பவர் அவ்வளவு நேரம் வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்.

அதற்காகத் தரத்தை ஒரேயடியாகக் குறைத்தால் வானம் பட்டை பட்டையாகப் பிரியும், பனையோலையைச் சுற்றி அழுக்கு படியும், பெயரின் சிவப்பு கரைந்து வழிந்ததுபோல் தெரியும். இந்த மூன்றும் வராமல் முதற்படத்தை 100 கிலோபைட் அளவுக்குக் கொண்டுவர முடியும். அதற்கான வழி கீழே.

கம்போசிட் ஏன் சாதாரணப் படத்தைவிடச் சீக்கிரம் கெடுகிறது

ஜேபெக் முறை படத்தை 8×8 பிக்சல் சதுரங்களாக வெட்டி, ஒவ்வொரு சதுரத்தையும் தனித்தனியே சுருக்குகிறது. சதுரத்துக்குள் இருக்கும் நுண்ணிய மாற்றங்களை முதலில் கைவிடும். சந்தையில் எடுத்த படமென்றால் அப்படிக் கைவிட்டது கண்ணுக்குத் தெரியாது, ஏனென்றால் எங்கு பார்த்தாலும் காய்கறியும் ஆட்களும் நிறைந்திருக்கும்; பிழை அதற்குள் ஒளிந்துகொள்ளும். கம்போசிட்டில் ஒளிந்துகொள்ள இடமில்லை. மழமழவென்ற வானத்துக்குப் பக்கத்திலேயே கூரான பனையோலை நிற்கிறது. ஓலை நுனி உள்ள சதுரத்தில் ஏற்படும் பிழை, அதே சதுரத்தில் இருக்கும் வானத்தில் மெல்லிய அலையாகப் பரவும். வெட்டியெடுத்த தலைமுடியைச் சுற்றியும் இதுதான் நடக்கும்.

வானத்தின் சிக்கல் வேறு. வானத்தின் நிறம் மேலிருந்து கீழே மிக மெதுவாக மாறுகிறது. ஒரு சதுரத்துக்குள் அந்த மாற்றம் ஒரு படிக்கும் குறைவு. சுருக்கும்போது அது பூச்சியமாக்கப்பட்டு, சதுரம் முழுவதும் ஒரே நிறமாகிவிடும். ஜேபெக்கில் வழக்கமாகப் பயன்படும் அட்டவணைப்படி, தரம் 75இல் பக்கத்துப் பக்கத்துச் சதுரங்களின் பிரகாசம் 1 படி வீதம் மாறலாம். தரம் 50இல் அது 2 படியாகிவிடும். 256 படிகளில் 2 படி அற்பமாகத் தோன்றலாம். ஆனால் மழமழப்பான இடத்தில் நேர்கோடாக வரும் 2 படியைக் கண் உடனே பிடித்துவிடும். வானத்தில் தளவரிசை போல் கட்டங்கள் தெரிவதற்கு இதுதான் காரணம்.

மூன்றாவது, சிவப்பு. கண் பிரகாசத்தைக் கூர்மையாகவும் நிறத்தை மந்தமாகவும் பார்க்கும் என்பதால், சுருக்கும் மென்பொருள்கள் நிறத் தகவலை அகலத்திலும் உயரத்திலும் பாதியாக்கிச் சேமிக்கும். இதை 4:2:0 என்று எழுதுவார்கள். நிறத்தைப் பாதியாக்காமல் வைப்பது 4:4:4. கடற்கரை, வயல், முகம் எல்லாவற்றுக்கும் 4:2:0 போதும். கடுஞ்சிவப்பு மட்டும் விதிவிலக்கு. சிவப்பில் பிரகாச வேறுபாடு குறைவு. வடிவத்தைக் காட்டுவதே நிறம்தான். அதைப் பாதியாக்கினால் எழுத்தின் ஓரமும், கூறையின் சிவப்புக்கும் சரிகைக்கும் இடையிலான கோடும் மங்கிப் பிசுபிசுக்கும்.

சுருக்குவதற்கு முன் மூலப் படத்தில் பார்க்க வேண்டியவை

சுருக்கும் மென்பொருளுக்கு எது அழகு, எது பிழை என்று தெரியாது. கொடுத்ததையெல்லாம் காப்பாற்றப் பார்க்கும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக வந்த வானத்தைக் கம்போசிட்டில் பயன்படுத்தியிருந்தால், அது ஏற்கெனவே சிறிதாக்கப்பட்டு ஒருமுறை சுருக்கப்பட்ட படம். அதில் படிந்த பழைய சதுரக் கட்டங்களை நீங்கள் பெரிதாக்கிப் பயன்படுத்தும்போது அவையும் பெரிதாகும். புதிய சுருக்கமும் அந்தக் கட்டங்களைப் படத்தின் நுணுக்கம் என்றே நினைத்துப் பைட்டுகளைச் செலவிடும். கோப்பும் பெருக்கும், படமும் அழுக்காகும். மூலப் படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்புவதென்றால் `Document` ஆக அனுப்பச் சொல்லுங்கள். அப்போது கோப்பு மாறாமல் வரும்.

அடுத்தது வெட்டின ஓரம். 200 வீதத்தில் பெரிதாக்கி, தலைமுடி, தலைப்பாகை, தோள் ஆகியவற்றின் ஓரங்களைச் சுற்றிப் பாருங்கள். ஸ்ரூடியோவின் வெள்ளைப் பின்னணி ஒரு பிக்சல் கீற்றாக ஒட்டியிருந்தால், ஃபோட்டோஷொப்பில் `Layer > Matting > Defringe` கட்டளையில் 1 பிக்சல் கொடுங்கள். லேயர் மாஸ்க்கில் வெட்டியிருந்தால் மாஸ்க்கின் ஓரத்தை அரைப் பிக்சல் முதல் ஒரு பிக்சல் வரை மென்மையாக்குங்கள். கத்தியால் வெட்டினது போன்ற ஓரம் பார்வைக்கும் செயற்கை, சுருக்கும்போது அலை பரவுவதற்கும் அதுவே காரணம்.

பெயரும் திகதியும் படத்துக்குள் இருக்கத்தான் வேண்டுமா என்பதையும் இந்தக் கட்டத்திலேயே முடிவு செய்யுங்கள். எழுத்தைப் பக்கத்தின் எழுத்தாகவே படத்தின் மேல் வைப்பது எல்லா வகையிலும் மேல். அது எந்தத் திரையிலும் கூர்மையாக இருக்கும், சில பைட்டுகளில் முடியும், தேடினாலும் கிடைக்கும். வாடிக்கையாளர் கேட்ட விசேட எழுத்துரு, தங்க மினுக்கம் என்று இருந்தால் மட்டும் படத்துக்குள் விடுங்கள். அப்படி விட்டால் 4:4:4 கட்டாயம்.

அளவைக் குறைக்கும் வரிசை

தாய்க் கோப்பைத் தொடாதீர்கள். அதன் பிரதியொன்றை எடுத்து லேயர்களை ஒன்றாக்கிக்கொள்ளுங்கள். வானத்தைத் தனியே தெரிவுசெய்யும் மாஸ்க்கை மட்டும் சேமித்து வையுங்கள்; சற்று நேரத்தில் தேவைப்படும். கோப்பு 16 பிட்டில் இருந்தால் அப்படியே விடுங்கள். 8 பிட்டில் செய்து வானம் ஏற்கெனவே பட்டை விழுந்திருந்தால், இப்போது 16 பிட்டுக்கு மாற்றுவதால் மட்டும் பட்டை போகாது. வான லேயரை 16 பிட்டில் மறுபடி செய்ய வேண்டும்.

முதலில் நிறம். `Edit > Convert to Profile` சென்று sRGB ஐத் தெரிவு செய்யுங்கள். அதே பட்டியலில் இருக்கும் `Assign Profile` வேறு வேலை செய்வது. அது எண்களை மாற்றாமல் பெயரை மட்டும் மாற்றும், நிறம் சட்டென்று பிசகும். Adobe RGB இல் இருக்கும் படத்தை அப்படியே ஏற்றி, சுருக்கும்போது நிறத் தகவல் அட்டையும் கழன்றுவிட்டால், கூறைச் சிவப்பு கைத்தொலைபேசியில் வெளிறிப்போன செங்கல் நிறமாகத் தெரியும். நிறம் மாறியது சுருக்கத்தின் பிழை என்று நினைத்துத் தரத்தை ஏற்றிக்கொண்டே போவதில் பயனில்லை.

பிறகு அளவு. மிச்சத்தின் பெரும்பங்கு இங்கேதான் கிடைக்கும். ஏராளமான அண்ட்ரொய்ட் கைத்தொலைபேசிகளில் இணையப் பக்கத்துக்கு திரையின் அகலம் 360 அலகு. உண்மையான பிக்சல் அதன் இரண்டு மடங்கோ மூன்று மடங்கோ இருக்கும். அதாவது 720 அல்லது 1080. முழு அகலத்தில் நிற்கும் படத்துக்கு 1080 இருந்தாலே போதுமானது. 6000×4000 படத்தை 1080×720 ஆக்கும்போது பிக்சல் எண்ணிக்கை ஏறத்தாழ 31இல் ஒரு பங்காகிவிடுகிறது. தரத்தில் கை வைக்காமலே இவ்வளவும் குறைகிறது. 480, 720, 1080 என்று மூன்று அகலங்களில் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றையும் தாய்ப் பிரதியிலிருந்தே எடுங்கள். 1080இலிருந்து 720ஐ, அதிலிருந்து 480ஐ என்று இறங்காதீர்கள்.

`Image Size` பெட்டியில் சிறிதாக்கும் முறையைக் கேட்கும். `Bicubic Sharper` என்பதை எல்லாரும் பரிந்துரைப்பார்கள். கம்போசிட்டுக்கு அது கூடாது. வானத்தின் முன் நிற்கும் பனையோலையைச் சுற்றி அது மெல்லிய வெள்ளைக் கோடு போடும். அந்தக் கோட்டைச் சுருக்கும்போது அலை இன்னும் கூடும். `Bicubic (smooth gradients)` எடுங்கள். சற்று மங்கலாகத் தெரிந்தால், மணமக்களின் முகத்துக்கும் உடைக்கும் மட்டும் மாஸ்க் வைத்து `Unsharp Mask` இல் 50 வீதம், ஆரை 0.5 பிக்சல் அளவில் கூர்மையாக்குங்கள். வானத்திலும் வானத்தைத் தொடும் ஓரங்களிலும் கை வைக்க வேண்டாம்.

கடைசியாக வானத்துக்குக் கொஞ்சம் மணல். சேமித்த மாஸ்க்கால் வானத்தைத் தெரிவு செய்து, `Filter > Noise > Add Noise` இல் அளவு 1 வீதம், `Gaussian`, `Monochromatic` என்று கொடுங்கள். கண்ணுக்குத் தெரியாத இந்தப் பொடி, படிக்குப் படி நேர்கோடாக மாறும் விளிம்பைக் கலைத்துவிடும், பட்டை தெரியாது. கோப்பு 16 பிட்டில் இருக்கும்போதே இதைச் செய்துவிட்டு, அதன் பின்னரே 8 பிட்டுக்கு மாற்ற வேண்டும். சிறிதாக்கிய பின்பு செய்வதும் முக்கியம். 6000 பிக்சலில் தூவினால், சிறிதாக்கும்போது பக்கத்துப் புள்ளிகள் ஒன்றோடொன்று கலந்து பொடி காணாமல் போய்விடும். படம் முழுவதும் தூவவும் வேண்டாம். பொடி ஒவ்வொன்றும் பைட் கேட்கும். தேவையான இடம் வானம் மட்டுமே.

இப்போது 8 பிட்டாக்கி, பிஎன்ஜி வடிவில் சேமியுங்கள். இந்தப் பிஎன்ஜி இடைநிலைக் கோப்பு. அதைப் பக்கத்தில் ஏற்றக் கூடாது. பிஎன்ஜி எதையும் கைவிடாத முறை என்பதால் 1080 அகலப் படமே ஒரு மெகாபைட்டைத் தொடலாம்.

தரத்தை எப்படித் தீர்மானிப்பது

புதியவர்களுக்கு ஏற்றது Squoosh என்ற இலவசக் கருவி. இணைய உலாவிக்குள்ளேயே ஓடும். படத்தை வேறெங்கும் ஏற்றாமல் உங்கள் கணினியிலேயே சுருக்கும் என்பதால் டேட்டாவும் செலவாகாது. இடப்பக்கம் மூலப்படம், வலப்பக்கம் சுருக்கியது, நடுவில் இழுக்கும் கோடு.

வலப்பக்கம் `MozJPEG` ஐத் தெரிவு செய்து `Advanced settings` ஐத் திறவுங்கள். `Auto subsample chroma` என்பதன் சரி அடையாளத்தை எடுத்துவிட்டு, `Subsample chroma by` என்பதை 1 ஆக்குங்கள். இதுதான் 4:4:4. கோப்பு சற்றுக் கூடும். ஆனால் கூறையும் சிவப்பு எழுத்தும் உள்ள படத்தில், 4:2:0 வைத்துத் தரம் 90 கொடுப்பதைவிட 4:4:4 வைத்துத் தரம் 78 கொடுப்பது துப்புரவாக இருக்கும். `Progressive rendering` சரியாகவே இருக்கட்டும். சிவப்பு எழுத்தோ கூறையோ இல்லாத கடற்கரைப் படத்துக்கு 4:2:0வே போதும்; சும்மா பைட் கொடுக்க வேண்டாம்.

இனித் தரம். 85இல் தொடங்கி ஐந்து ஐந்தாக இறக்குங்கள். ஒவ்வொரு தடவையும் மூன்றே மூன்று இடங்களைப் பாருங்கள்: வானத்தில் வெளிச்சம் மெல்ல மங்கும் பகுதி, பனையோலை நுனியும் தலைமுடியும், கூறையின் சரிகைக் கரை. முகத்தைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். முகம்தான் கடைசியாகக் கெடும். முகம் நன்றாக இருக்கும்போதே வானம் போயிருக்கும். பெரிதாக்கலை 100 வீதத்திலேயே வைத்திருங்கள். 300 வீதத்தில் எந்தப் படத்திலும் பிழை கண்டுபிடிக்கலாம், அதைப் பார்த்துப் பயந்து 95இல் நிறுத்துவது வீண்.

நமது பண்ணைப் படத்தை 1080 அகலத்தில் சுருக்கினால் ஏறத்தாழ இப்படி வரும். தரம் 85இல் 175 கிலோபைட், பிழை எதுவும் இல்லை. 80இல் 145, இன்னும் துப்புரவு. 75இல் 122, வானம் சரி, ஆனால் ஓலை நுனிகளைச் சுற்றி மெல்லிய அழுக்கு தொடங்குகிறது. 70இல் 108, தூவிய பொடியைச் சுருக்கம் தின்றுவிட்டதால் வானத்தின் கீழ்ப்பகுதியில் சதுரங்கள் எட்டிப்பார்க்கின்றன. ஆகவே கணினித் திரையில் எல்லை 78 அளவில் நிற்கிறது. உங்கள் படத்தில் எண்கள் வேறாக இருக்கும். பனை இல்லாத வெறும் வானம் என்றால் கோப்பு பாதியாகலாம், கோயில் கோபுரம் பின்னணி என்றால் இரட்டிப்பாகலாம். எண்ணை மனப்பாடம் செய்யாமல், எந்த இடம் முதலில் கெடுகிறது என்று பார்க்கப் பழகுங்கள்.

இதில் இன்னொரு நுட்பம். 1080 அகலப் படத்தைப் பார்க்கப் போவது மூன்று மடங்கு நெருக்கமான திரை. அங்கே ஒரு பிக்சல் அவ்வளவு சிறியது, 75இல் கணினியில் தெரிந்த ஓலை அழுக்கு கையில் பிடித்துப் பார்க்கும்போது தெரியாது. ஆகவே பெரிய அகலத்துக்குத் தரத்தைக் குறைத்தும் சிறிய அகலத்துக்குக் கூட்டியும் வைக்கலாம்: 1080க்கு 74, 720க்கு 78, 480க்கு 82. தலைகீழாகத் தோன்றினாலும் சரியான கணக்கு இதுதான். ஆனால் வானம் இந்தச் சலுகைக்கு அடங்காது. சதுரக் கட்டங்கள் நீளக் கோடுகளாகச் சேர்ந்து தெரிவதால் நெருக்கமான திரையிலும் அகப்பட்டுவிடும். வானத்துக்காக 70 வரை இறங்க வேண்டாம்.

ஏவிஃப், வெப்பி

ஏவிஃப் வடிவம் இதே படத்தை இதே தோற்றத்தில் 70 முதல் 80 கிலோபைட்டுக்குள் தரக்கூடும். சதுரங்களின் அளவை இடத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளும், 4:4:4ஐயும் 10 பிட்டையும் ஏற்கும் என்பதால் கம்போசிட் வானத்துக்கு மிகவும் பொருந்தும். 2020இல் குரோமும் 2021இல் ஃபயர்ஃபொக்ஸும் 2022இல் ஐஃபோனின் சஃபாரியும் இதைக் காட்டத் தொடங்கின. பழைய கைத்தொலைபேசிகளுக்காக ஜேபெக்கையும் பக்கத்தில் வைத்திருக்க வேண்டும்.

Squoosh இல் `AVIF` தெரிவுசெய்தும் செய்யலாம். 10 பிட் வேண்டுமென்றால், 8 பிட்டாக்கும் முன் ஒரு 16 பிட் பிஎன்ஜியையும் சேமித்து, அதைக் கொடுத்து `avifenc` கருவியில் இந்தக் கட்டளையை ஓட்டுங்கள்:

```
avifenc -q 60 -y 444 -d 10 -s 4 pannai-1080.png pannai-1080.avif
```

இங்குள்ள 60 ஜேபெக்கின் 60 அல்ல. இரண்டு அளவுகோலும் வேறு. ஏவிஃப் கெடும் விதமும் வேறு. ஜேபெக் கட்டம் கட்டமாகக் கெடும். ஏவிஃப் வழித்துப் பூசியதுபோல் கெடும். கூறையின் நெசவும் தோலின் நுண்துளைகளும் மெழுகு பூசியதுபோல் மழுங்கிவிட்டால் தரம் போதவில்லை என்று அர்த்தம். வானம் அப்போதும் அழகாகவே இருக்கும், அதனால் ஏவிஃபில் பார்க்க வேண்டிய இடம் துணி.

வெப்பியை இந்த வேலைக்குப் பரிந்துரைக்க முடியாது. அதன் இழப்புள்ள சுருக்கம் எப்போதும் 4:2:0 மட்டுமே, 4:4:4க்கு வழியில்லை. `cwebp` கருவியில் `-sharp_yuv` என்ற தெரிவு சிவப்பின் ஓரத்தைக் கொஞ்சம் காப்பாற்றும், ஆனால் முழுதாக அல்ல. கூறை இல்லாத, எழுத்து இல்லாத படங்களுக்கு வெப்பி நல்ல வடிவம்தான்.

ஒன்றில் மட்டும் ஜேபெக் ஏவிஃபை வெல்லும். `Progressive` ஜேபெக்கில் பாதி இறங்கும்போதே முழுப்படமும் மங்கலாகத் தோன்றி, பின்பு தெளியும். ஏவிஃப் பெரும்பாலும் முழுவதும் வந்து சேர்ந்த பின்னரே தோன்றும். ஆகவே ஏவிஃப் கோப்பு ஜேபெக்கில் பாதியளவுக்கு வந்தால் அதைப் போடுங்கள். ஐந்தில் ஒரு பங்கு மட்டுமே மிச்சம் என்றால், மெதுவான இணைப்பில் ஜேபெக்கே வேகமாக வந்ததுபோல் தெரியும்.

பக்கத்தில் வைப்பது

மூன்று அகலங்களையும் செய்து, ஒன்றை மட்டும் பக்கத்தில் போட்டால் உழைப்பு வீண். எது தேவையோ அதைக் கைத்தொலைபேசியே எடுத்துக்கொள்ளும்படி எழுத வேண்டும்:

```html
<picture>
  <source type="image/avif" sizes="100vw"
    srcset="pannai-480.avif 480w, pannai-720.avif 720w,
            pannai-1080.avif 1080w">
  <img src="pannai-720.jpg" sizes="100vw"
    srcset="pannai-480.jpg 480w, pannai-720.jpg 720w,
            pannai-1080.jpg 1080w"
    width="1080" height="720" fetchpriority="high"
    alt="பண்ணைக் கடலோர அந்தியில் மணமக்கள்">
</picture>
```

`sizes` என்பது படம் திரையில் எவ்வளவு அகலம் நிற்கும் என்று சொல்வது. ஒரு வரிசைக்கு இரண்டு படம் வைக்கும் பகுதியில் அதை `50vw` ஆக்குங்கள். மறந்து `100vw` என்றே விட்டால், கைத்தொலைபேசி தேவைக்கு இரட்டிப்பு அகலமான கோப்பை இறக்கும். தவறு கண்ணுக்குத் தெரியாது, டேட்டாவில்தான் தெரியும். `width`, `height` இரண்டையும் எழுதி, பக்க வடிவமைப்பில் `max-width: 100%; height: auto` வைத்தால், படம் வருமுன்பே அதற்கான இடம் ஒதுக்கப்படும். இல்லாவிட்டால் ஒவ்வொரு படமும் இறங்கும்போது வாசித்துக்கொண்டிருக்கும் வரி கீழே ஓடும்.

`fetchpriority="high"` முதற்படத்துக்கு மட்டும். மற்றப் பதினொன்றிலும் அதை எடுத்துவிட்டு `loading="lazy"` போடுங்கள். வாசகர் கீழே இறங்கும்போதுதான் அவை இறங்கும். முதற்படத்துக்கும் `lazy` போடுவது அடிக்கடி நடக்கும் பிழை. அப்படிப் போட்டால் உலாவி பக்கத்தை அடுக்கிப் பார்த்த பின்னரே அந்தப் படத்தைக் கேட்கும். மெதுவான இணைப்பில் அந்தத் தாமதம் நன்றாகவே தெரியும்.

கணக்குப் பார்த்தால், விநாடிக்கு 1 மெகாபிட்டில் 75 கிலோபைட் முதற்படம் 0.6 விநாடியில் இறங்குகிறது. பன்னிரண்டும் ஜேபெக்காகவே இறங்கினாலும் மொத்தம் 1.5 மெகாபைட் அளவில் நிற்கும், 24 அல்ல.

வேர்ட்பிரஸில் ஏற்றுபவர்களுக்கு

வேர்ட்பிரஸ், ஏற்றிய படத்திலிருந்து தானே பல அகலங்களை வெட்டிச் சேமிக்கும். அப்படி வெட்டும் ஜேபெக்குக்கு இயல்பான தரம் 82. 2560 பிக்சலுக்கு மேற்பட்டதை முதலில் அந்த அளவுக்குக் குறைத்து, கோப்புப் பெயரின் முடிவில் `-scaled` என்று சேர்க்கும். நீங்கள் 74இல் சுருக்கிய 1080 படத்தை அதற்குக் கொடுத்தால், சிறிய அகலங்கள் எல்லாம் இரண்டு முறை சுருக்கப்பட்டவையாகவே வரும். முதற்சுருக்கத்தின் அழுக்கை இரண்டாவது சுருக்கம் மதிப்பாகக் காப்பாற்றும், வானத்தில் நீங்கள் தூவிய பொடியும் போய்விடும்.

இரண்டு வழி உண்டு. நீங்களே செய்த மூன்று அகலங்களையும் மேலே உள்ள குறியீட்டோடு `Custom HTML` பெட்டியில் வைப்பது ஒன்று. அதற்கு நேரமில்லையென்றால் 1600 அகலத்தில், தரம் 92, 4:4:4 என்று ஒரே கோப்பை ஏற்றி, வெட்டுவதை அதனிடம் விடுங்கள். முதற்படத்துக்கு முதல் வழி, மற்றவற்றுக்கு இரண்டாம் வழி என்று பிரித்துக்கொண்டால் வேலையும் குறையும்.

சோதனை

குரோமில் F12 அழுத்தி `Network` பகுதிக்குப் போங்கள். `No throttling` என்று இருக்குமிடத்தில் `Slow 4G` அல்லது `3G` ஐத் தெரிவு செய்து, `Disable cache` இல் சரி போட்டுப் பக்கத்தை மறுபடி ஏற்றுங்கள். `Img` ஐ அழுத்தினால் எந்தப் படம் எத்தனை கிலோபைட் என்று வரிசையாகத் தெரியும். உலாவியைக் கைத்தொலைபேசி அளவுக்கு மாற்றியபோதும் எல்லா இடத்திலும் 1080 கோப்பே இறங்கிக்கொண்டிருந்தால், `sizes` இல்தான் பிழை. ஆனால் பெரிய கோப்பு ஏற்கெனவே உலாவியின் நினைவில் இருந்தால் அதையே அது காட்டும். அதனால்தான் `Disable cache` அவசியம்.

தோற்றத்தைக் கடைசியாகக் கைத்தொலைபேசியில்தான் பார்க்க வேண்டும். இருட்டறையில், திரையின் பிரகாசத்தை முழுதாக ஏற்றி, வானத்தின் இருண்ட மேற்பகுதியைப் பாருங்கள். மங்கிய கணினித் திரை மறைத்துவிடும் பட்டைகள் அங்கே வெளியே வரும். மூலப்படத்தையும் சுருக்கியதையும் பக்கம் பக்கமாக வைக்காமல், கலரியில் அடுத்தடுத்து வைத்து விரலால் முன்னும் பின்னும் தள்ளுங்கள். ஒரே இடத்தில் படம் மாறும்போது எது துடிக்கிறதோ அதுவே பிழை.

பட்டை தெரிந்தால் உடனே தரத்தை ஏற்ற வேண்டாம். முதலில் இடைநிலைப் பிஎன்ஜியை அதே கைத்தொலைபேசியில் திறந்து பாருங்கள். அதிலும் பட்டை இருந்தால் அது கம்போசிட்டில் விழுந்தது. 16 பிட்டில் வானத்தைத் திரும்பச் செய்து, பொடியைத் தூவிவிட்டு வர வேண்டும். பிஎன்ஜியில் இல்லாமல் ஜேபெக்கில் மட்டும் இருந்தால், பொடியை 1.5 வீதமாக்கித் தரத்தை நான்கைந்து புள்ளி ஏற்றினால் சரியாகிவிடும். அதற்கு 15 முதல் 20 கிலோபைட் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருக்கும்.